சட்டம் சொல்லும் 1,700, வீடு கேட்கும் 4,600

*என் கணவர் கெப்போங்கில் ஒரு கிடங்கில் வேலை செய்கிறார். அடிப்படைச் சம்பளம் 1,700 வெள்ளி. ஓ.டி. சேர்த்து 2,400 வரும். நான் ஒரு கடையில் காசாளர். அடிப்படை 1,500, வருகைப்படி 200, ஆக 1,700. இதுதான் சட்டப்படி சரி என்கிறார் முதலாளி. ஒன்பது வயதிலும் நான்கு வயதிலும் இரண்டு பிள்ளைகள். வீட்டு வாடகை 1,100. மாதக் கடைசியில் அக்காவிடம் கைநீட்டுகிறேன். கோலாலம்பூரில் ஒரு குடும்பத்துக்கு 6,500 வேண்டும் என்று படித்தேன். அப்படியானால் 1,700 எந்தக் கணக்கில் வந்தது? தப்பு எங்கள் செலவிலா, இல்லை அந்தக் கணக்கிலா? செலவு எழுதிய நோட்டின் நகலை அனுப்பியுள்ளேன்.*
*— ஒரு தாய், செந்தூல்*

அன்புச் சகோதரி,

உங்கள் நோட்டை இரண்டு தடவை படித்தேன். மாதத்தின் முதல் இரண்டு வாரம் 'பால்' என்று மூன்று நாளைக்கு ஒரு வரி வருகிறது. இருபதாம் தேதிக்குப் பிறகு அந்த வரியே இல்லை. மீனும் அப்படித்தான், பதினெட்டாம் தேதி கெம்போங் மீன் 9 வெள்ளி, அதற்குப் பின் முட்டையும் நெத்திலியும்தான். இருபத்தைந்தில் 'அக்கா 150'. செலவுக்கணக்கு பார்ப்பது எனக்குப் பல வருடத் தொழில். அதை வைத்துச் சொல்கிறேன், இந்த நோட்டில் குறைக்க எதுவும் இல்லை. தப்பு உங்கள் செலவில் இல்லை.

முதலில் உங்கள் முதலாளி சொன்னதைப் பார்ப்போம், ஏனென்றால் அது உடனே சரிசெய்ய வேண்டியது. 1,700 வெள்ளி என்பது அடிப்படைச் சம்பளத்துக்கான எல்லை. வருகைப்படி, சாப்பாட்டுப்படி, போக்குவரத்துப்படி எதையும் அதில் சேர்த்துக் காட்ட முடியாது. 2024ஆம் ஆண்டின் குறைந்தபட்ச சம்பள ஆணைப்படி, ஐந்து பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடங்களில் 2025 பிப்ரவரி 1 முதல் 1,700; ஐந்து பேருக்குக் குறைவான இடங்களில் 2025 ஆகஸ்ட் 1 முதல். வீட்டு வேலையாட்களுக்கு மட்டும் இந்த ஆணை பொருந்தாது. ஆகவே 1,500 அடிப்படை, 200 படி என்ற உங்கள் சம்பளச் சீட்டு சட்டத்துக்குப் பொருந்தவில்லை. அந்தத் தேதியிலிருந்து ஒவ்வொரு மாதமும் உங்களுக்கு 200 வெள்ளி பாக்கி. படியை ஒழித்துவிட்டு அடிப்படையை ஏற்றிக் காட்டலாம் என்று முதலாளி நினைக்கக்கூடும். அந்தப் படி உங்கள் வேலை ஒப்பந்தத்தில் எழுதியிருந்தால், உங்களைக் கேட்காமல் தன்னிச்சையாக எடுக்கக் கூடாது. ஒப்பந்தக் கடிதத்தைத் தேடி எடுத்து வையுங்கள். கடைசியில் அதற்கு வருகிறேன்.

இப்போது பெரிய கேள்விக்கு வருவோம். நீங்கள் ஒரே தராசில் வைத்துப் பார்த்த அந்த இரண்டு எண்களும் இரண்டு வெவ்வேறு கேள்விகளுக்கான பதில்கள். 1,700 என்பது ஒரு தொழிலாளிக்கு, ஒரு மாதத்துக்கு, சட்டம் போட்ட தரை. 6,500 என்பது ஒரு குடும்பம் முழுவதற்கும் வேண்டிய தொகை. அதை 2018இல் வெளியிட்டது நம் மத்திய வங்கியான பேங்க் நெகாரா. 2016ஆம் ஆண்டின் கோலாலம்பூர் விலைவாசியை வைத்துப் போட்ட கணக்கு. தனி ஆளுக்கு 2,700, பிள்ளையில்லாத தம்பதிக்கு 4,500, இரண்டு பிள்ளைகள் உள்ள தம்பதிக்கு 6,500. இருவரும் வேலைக்குப் போனால் ஆளுக்கு 3,250 என்றாகிறது. 1,700ஐ 6,500 உடன் ஒப்பிட்டு மலைத்துப் போகாதீர்கள். 3,250 உடன் ஒப்பிடுங்கள். அப்போதும் இடைவெளி பெரிதுதான், ஆனால் கையில் பிடித்துப் பேசக்கூடிய அளவுக்கு வந்துவிடுகிறது.

1,700 எப்படி வந்தது? 2011ஆம் ஆண்டின் தேசிய ஊதிய ஆலோசனை மன்றச் சட்டம் ஒரு மன்றத்தை அமைத்தது. முதலாளிகள், தொழிலாளர்கள், அரசு எனப் பல தரப்பினரும் அதில் உட்காருகிறார்கள். அவர்கள் வைத்திருக்கும் சூத்திரத்தை எளிமையாகச் சொல்கிறேன். ஒரு குடும்பத்தின் வறுமைக்கோட்டு வருமானத்தை, அந்தக் குடும்பத்தில் சம்பாதிப்பவர்களின் சராசரி எண்ணிக்கையால் வகுக்கிறார்கள். நாட்டின் இடைநிலைச் சம்பளத்தை, அதாவது எல்லாத் தொழிலாளர்களையும் சம்பள வரிசையில் நிறுத்தினால் நட்ட நடுவில் நிற்பவரின் சம்பளத்தை, அதனோடு சேர்த்துச் சராசரி எடுக்கிறார்கள். அதன் மேல் உற்பத்தித்திறன் உயர்வையும் விலைவாசி உயர்வையும் கூட்டி, வேலையின்மைக்காகக் கொஞ்சம் குறைக்கிறார்கள்.

இந்தச் சூத்திரத்தில் உங்கள் வீட்டின் தேவை எங்கே இருக்கிறது என்று தேடிப் பாருங்கள். வறுமைக்கோடு என்ற ஒரே ஓரத்தில்தான். அந்தக் கோடும் எங்கே போடுகிறோம் என்பதைப் பொறுத்து நகரும். பழைய முறையில் 2016இல் ஒரு குடும்பத்துக்கு மாதம் 980 வெள்ளி என்று போட்டிருந்தார்கள். அந்தக் கோட்டுக்குக் கீழே இருந்த குடும்பங்கள் வெறும் 0.4 விழுக்காடு. பிறகு சாப்பாட்டுக் கூடையைச் சத்தான கூடையாக மாற்றிப் புதிய முறையில் 2019க்குப் போட்டபோது கோடு 2,208 வெள்ளிக்கு ஏறியது. அதே 2016ஐப் புதிய முறையில் மறுபடி கணக்கிட்டால் ஏழைக் குடும்பங்கள் 7.6 விழுக்காடு. மக்கள் மாறவில்லை, கோடுதான் மாறியது. 2022இல் அது 2,589.

கைக்கணக்காக ஒன்று போட்டுப் பார்ப்போம். 2,589ஐ இரண்டு சம்பாத்தியக்காரர்களுக்குப் பிரித்தால் ஆளுக்கு ஏறக்குறைய 1,300. அந்த ஆண்டின் இடைநிலைச் சம்பளம் 2,424. இரண்டின் சராசரி 1,860ஐ ஒட்டி வருகிறது. ஆனால் அந்த ஆண்டு மே மாதம் நடைமுறைக்கு வந்த சட்டத் தரை 1,500தான். சூத்திரம் தரும் எண் அப்படியே சட்டமாகிவிடுவதில்லை. மன்றம் இரு தரப்பையும் கேட்டுப் பரிந்துரை செய்கிறது, முடிவை அரசு எடுக்கிறது. சின்னக் கடைகள் தாங்குமா, ஆட்குறைப்பு வருமா என்ற கேள்விகள் அங்கே எண்ணைக் கீழே இழுக்கின்றன. 2013இல் தீபகற்பத்தில் 900இல் தொடங்கி, 1,000, 1,100, பெரிய நகரங்களில் 1,200, பிறகு 1,500, இப்போது 1,700. ஒவ்வொரு படியும் இப்படிப் பேசித் தீர்த்த எண். அதை நான் குறை சொல்லவில்லை. இல்லாவிட்டால் தரையே இல்லை. ஆனால் 'இது ஒரு குடும்பம் வாழப் போதும்' என்று அந்த எண் எந்தக் காலத்திலும் சொன்னதில்லை. சட்டப்படி கிடைப்பது போதுமானதாக இருக்க வேண்டும் என்று நாம்தான் நினைத்துக்கொள்கிறோம்.

வாழ்வூதியம் என்ற கணக்கு எதிர்த் திசையிலிருந்து வருகிறது. முதலாளியால் எவ்வளவு முடியும் என்று அங்கே கேட்பதில்லை. ஒரு குடும்பம் மரியாதையோடு, சத்தோடு, அடுத்த மாதத்தைப் பற்றிய பயம் இல்லாமல் இருக்க என்ன வாங்க வேண்டும் என்று கேட்டு, அதன் விலையைக் கூட்டுகிறார்கள். உலகத்தில் அதிகம் பயன்படும் முறை ரிச்சர்ட் ஆங்கர், மார்தா ஆங்கர் தம்பதி வகுத்தது. முதலில் சாப்பாடு, அடுத்து வீடு, பிறகு மற்றவை, மேலே எதிர்பாராத செலவுக்குச் சுமார் 5 விழுக்காடு. வந்த தொகையைக் குடும்பத்தில் முழுநேரம் சம்பாதிப்பவர்களின் எண்ணிக்கையால் வகுத்து, கடைசியில் சம்பளத்தில் பிடிக்கும் பிடித்தங்களைக் கூட்ட வேண்டும். இது சாதாரண வேலை நேரத்துக்கான சம்பளம். ஓ.டி. அதில் சேராது. இந்த ஒரு விதியை மறக்காதீர்கள், உங்கள் வீட்டுக்கு இதுதான் முக்கியம்.

உங்கள் வீட்டுக்கே இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். நோட்டிலிருந்து எடுத்தது வாடகையையும் உங்கள் பகுதியின் விலைகளையும்தான். நீங்கள் செலவழித்த மொத்தத்தை எடுக்கவில்லை. இதில்தான் பலர் தவறுகிறார்கள். ஒரு குடும்பம் 3,700 செலவழிக்கிறது என்றால் அதற்குத் தேவை 3,700 என்று எழுதிவிடுகிறார்கள். இருபதாம் தேதிக்குப் பிறகு பால் வாங்காத வீட்டுக்குப் பால் தேவையில்லை என்று அர்த்தமா? வருமானம் கட்டிப்போட்ட செலவைத் தேவை என்று எழுதினால், குறைந்த சம்பளமே குறைந்த சம்பளத்துக்கு நியாயம் சொல்லிவிடும்.

சாப்பாடு. பெரியவர்களுக்கு ஆளுக்கு நாளொன்றுக்கு 12 வெள்ளி 50 சென், மூத்த பிள்ளைக்கு 9, சின்னதுக்கு 6 என்று வைத்தேன். நாளுக்கு 40, மாதத்துக்கு 1,200. சோறு, பருப்பு, ஒரு வேளை மீனோ கோழியோ, கீரை அல்லது காய், ஒரு பழம், பிள்ளைகளுக்குத் தினமும் பால். மதியம் வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு போவதாக வைத்துத்தான் இந்த எண். உங்கள் கணவர் கிடங்கு பக்கத்தில் நாசி சம்போர் சாப்பிடும் நாளெல்லாம் இது ஏறும். விலையை எங்கே எடுக்கிறோம் என்பதும் ஒரு விஷயம். ஒரு முறை சௌகிட் பாசாரில் விலை எடுக்கப் போனபோது ஓர் அம்மா கால் கிலோ மீன் கேட்டு நின்றார். கிலோவாக வாங்குபவருக்குக் கடைக்காரர் கொஞ்சம் குறைத்துக் கொடுத்தார், இவருக்குக் குறைக்கவில்லை. எண்ணெய், சோப்புத்தூள், ஷாம்பு எல்லாவற்றிலும் சின்ன பாக்கெட்டின் விலைதான் கைக்காசுக்காரர் கொடுக்கும் விலை. பேரங்காடியில் பெரிய மூட்டையின் விலையை எழுதிக்கொண்டு வந்து தொழிலாளி குடும்பத்துக்குக் கணக்குப் போட்டால் அந்தக் கணக்கு பொய்த்துப் போகும். அதனால் நீங்கள் வாங்கும் கடையில், நீங்கள் வாங்கும் அளவில்தான் விலை எடுக்க வேண்டும்.

வீடு. உங்கள் வாடகை 1,100, மின்சாரம், தண்ணீர், கேஸ், இணையம் எல்லாம் சேர்த்து 250. ஆக 1,350. அரசின் பிபிஆர் அடுக்குமாடி வீட்டில் இருப்பவர்கள் மாதம் 124 வெள்ளி கட்டுகிறார்கள், அதை வைத்துப் போடலாமே என்று சிலர் கேட்பார்கள். வைக்கக் கூடாது. அந்த வீடு எல்லாருக்கும் கிடைப்பதில்லை. கிடைத்தவருக்கு அரசு கொடுக்கும் உதவி அது, முதலாளி கொடுக்கும் சம்பளம் இல்லை. ஆனால் உங்கள் தனிப்பட்ட வாழ்க்கைக்கு இதன் அர்த்தம் வேறு. அப்படி ஒரு வீடு கிடைத்தால் மாதம் ஏறக்குறைய ஆயிரம் வெள்ளி கையில் நிற்கும். எந்தச் சம்பள உயர்வும் ஒரே அடியில் அவ்வளவு தராது. விண்ணப்பம் போடாமல் இருந்தால் போடுங்கள்.

பிள்ளைகள். சின்னவருக்குப் பாலர் பள்ளி 450, மூத்தவருக்குப் பள்ளி வேனும் மாலையில் பார்த்துக்கொள்ளும் செலவுமாக 350. மொத்தம் 800. இது நீங்கள் வேலைக்குப் போவதால் வரும் செலவு என்பதைக் கவனியுங்கள். பிடித்தம் போக உங்கள் கையில் வரும் 1,500 வெள்ளியில் பாதிக்கு மேல் நீங்கள் வேலைக்குப் போவதற்கே போகிறது. போக்குவரத்துக்கு 350 போட்டேன்: கணவரின் மோட்டார் சைக்கிள் தவணையும் பெட்ரோலும், உங்களுக்கு மாதம் 50 வெள்ளி பாஸ். துணி, சோப்பு, கைப்பேசி, பள்ளிச் சாமான்களுக்கு 400. மருத்துவத்துக்கு 100. அரசு கிளினிக்கில் ஒரு வெள்ளிதான், ஆனால் அரை நாள் சம்பளத்தை விட்டுவிட்டுக் காத்திருக்க முடியாத இரவுக் காய்ச்சலுக்குத் தனியார் கிளினிக்தான் கதி. தீபாவளி, தைப்பூசம், சொந்தத்தில் ஒரு காதுகுத்து, ஒரு கல்யாண மொய் என்று மாதத்துக்கு 200. இதை ஆடம்பரம் என்று வெட்டச் சொல்பவர்கள் உண்டு. நான் வெட்ட மாட்டேன். மொய் எழுதாத வீடு அடுத்த வருடம் கூப்பிடப்படாத வீடாகும். அவசரத்துக்கு 150 கொடுக்கும் அக்காவும் அந்த உறவுக்குள்தான் இருக்கிறார். பேங்க் நெகாராவின் கணக்கும் சமூகத்தில் பங்கெடுப்பதை வாழ்வின் ஒரு பகுதியாகத்தான் எடுத்துக்கொண்டது.

கூட்டினால் 4,400. எதிர்பாராததற்கு 5 விழுக்காடு, 220. மொத்தம் 4,620 வெள்ளி, கையில் வர வேண்டிய தொகை.

இதை இருவருக்குப் பிரித்தால் ஆளுக்கு 2,310. சம்பளத்தில் ஊழியர் சேமநிதிக்கு 11 விழுக்காடு, சொக்சோவும் இஐஎஸ்ஸும் சேர்ந்து முக்கால் விழுக்காடு அளவுக்குப் பிடிக்கும். ஆகவே கையில் 2,310 வர, சம்பளச் சீட்டில் 2,600க்குச் சற்று மேல் இருக்க வேண்டும். இதுதான் உங்கள் வீட்டின் வாழ்வூதியம்: ஆளுக்குச் சுமார் 2,600, ஓ.டி. இல்லாமல். 1,700 அதில் மூன்றில் இரண்டு பங்கைக்கூடச் சரியாகத் தொடவில்லை.

இதே வீட்டுக்கு வேறொருவர் கணக்குப் போட்டால் 3,080 என்று வரலாம். அவர் தவறு செய்ததாக அர்த்தமில்லை. பிள்ளை வளரும் வருடங்களில் ஒருவர் சில காலம் வீட்டில் இருக்கிறார், சில காலம் பாதி நேரம் போகிறார். அதனால் ஒரு குடும்பத்தில் முழுநேரச் சம்பாத்தியக்காரர் இரண்டு பேர் என்று எடுக்காமல் 1.7 என்று எடுப்பது வழக்கம். அப்போது 4,620ஐ 1.7ஆல் வகுக்க வேண்டும், பிடித்தம் சேர்த்தால் 3,080. இந்த ஓர் எண்ணை மாற்றினாலே முடிவு ஏறக்குறைய ஐந்நூறு வெள்ளி ஆடுகிறது. யாராவது வாழ்வூதியம் இவ்வளவு என்று ஒரு தொகையைக் காட்டினால், அது குடும்பத்துக்கா ஆளுக்கா, எத்தனை பேர் சம்பாதிப்பதாக வைத்தது, ஓ.டி.யைச் சேர்த்ததா என்று கேளுங்கள். அதற்குப் பதில் சொல்லத் தெரியாத எண்ணை நம்ப வேண்டாம்.

அப்புறம் 6,500க்கும் என் 4,620க்கும் ஏன் இவ்வளவு தூரம்? நான் போட்டதில் கார் இல்லை, சேமிப்பு இல்லை, காப்புறுதி இல்லை, டியூஷன் இல்லை. ஊழியர் சேமநிதி வாரியமும் மலாயாப் பல்கலைக்கழக ஆய்வு மையமும் சேர்ந்து 2019இல் வெளியிட்ட 'பெலஞ்சாவான்கு' கையேடு, கிள்ளான் பள்ளத்தாக்கில் இரண்டு பிள்ளைகள் உள்ள தம்பதிக்கு 6,620 என்றது. பொதுப் போக்குவரத்தில் போகும் தனி ஆளுக்கு 1,870, கார் வைத்திருப்பவருக்கு 2,490. அந்தப் பட்டியலில் சேமிப்புக்கும் சமூகச் செலவுக்கும் தனி வரி உண்டு. மக்களைக் குழுவாக உட்கார வைத்து, 'ஓரளவு நன்றாக வாழ என்ன வேண்டும்' என்று கேட்டுத் திரட்டியது அது. நான் உங்களுக்குப் போட்டது அதற்கும் கீழே, ஒட்டியும் ஒட்டாமலும் வாழும் அளவு. பேச்சுவார்த்தையில் கேட்கும்போது எதிரே இருப்பவர் எந்த வரியையும் மறுக்க முடியாத கணக்கு வேண்டும் என்பதால்தான் இறுக்கிப் போட்டேன். உங்கள் பிள்ளைகள் டியூஷன் போகக் கூடாது என்று நினைத்து இல்லை.

இப்போது உங்கள் கணவரின் ஓ.டி. அவருடைய 1,700ஐ 26 நாளுக்கும் 8 மணிக்கும் வகுத்தால் ஒரு மணிக்கு 8 வெள்ளி 17 சென், சாதாரண நாள் ஓ.டி. ஒன்றரை மடங்கு என்பதால் 12 வெள்ளி 26 சென். 700 வெள்ளி சேர அவர் மாதம் 57 மணி நேரம் கூடுதலாக நிற்கிறார். எட்டு மணி நேர நாளாகக் கணக்கிட்டால் ஏழு நாள். அதையும் சேர்த்துத்தான், பிடித்தம் போக, வீட்டுக்கு வருவது 3,700. அப்போதும் 900 குறைகிறது. ஓ.டி. நின்றுபோன மாதத்தில் இருவர் கையிலும் சேர்த்து 3,000, குறைவது 1,600. இன்னொன்றையும் கவனியுங்கள். ஓ.டி. பணத்துக்குச் சேமநிதிச் சந்தா கிடையாது. அவருடைய கணக்கில் 11 விழுக்காடும் முதலாளியின் 13 விழுக்காடும் 1,700க்கு மட்டும்தான் போகிறது. இத்தனை வருடம் 2,400 வாங்கினார் என்று நீங்கள் நினைக்கிறீர்கள், அவருடைய முதுமைக்கான கணக்கோ அவரை 1,700 ஆளாகத்தான் பார்க்கிறது. முடிந்தால் கூடுதல் மணி நேரத்தைவிட அடிப்படைச் சம்பளம் ஏறும் வேலைக்கு அவரை நகர்த்துவதே மேல். ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் பயிற்சியும் சான்றிதழும் இருந்தால் கிடங்கு வேலையில் அடிப்படையைக் கூட்டிக் கேட்கலாம். பயிற்சிக் கட்டணத்தை நிறுவனம் ஏற்குமா என்று முதலில் கேட்கச் சொல்லுங்கள்.

'நான் வேலையை விட்டுவிடட்டுமா' என்று நோட்டின் கடைசிப் பக்கத்தில் பென்சிலால் எழுதி அடித்திருக்கிறீர்கள். அதையும் கணக்குப் போட்டேன். விட்டால் பிள்ளைகள் செலவு 800லிருந்து 250க்கு இறங்கும், உங்கள் பாஸ் 50 மிஞ்சும். மொத்தத் தேவை நான்காயிரத்துக்குச் சற்றுக் கீழே வரும். ஆனால் வருவது, பிடித்தம் போக, கணவரின் 2,200 மட்டும். பள்ளம் 900லிருந்து 1,700க்கு மேல் போய்விடும். பாலர் பள்ளிச் செலவு நெஞ்சை அடைக்கிறது, உண்மைதான். ஆனால் அது இன்னும் இரண்டு, மூன்று வருடச் செலவு. சின்னவர் முதலாம் ஆண்டுக்குப் போனதும் அந்த 450 பெரும்பாலும் விடுபடும். அதுவரை உங்கள் சம்பளம் பாதிதான் மிஞ்சினாலும் விடாதீர்கள்.

சட்டப்படியான 200 வெள்ளியை முதலாளி கொடுத்துப் படியையும் வைத்தால், பிடித்தம் போக உங்கள் கையில் 175 போல வரும். 900 வெள்ளிப் பள்ளத்தில் ஐந்தில் ஒரு பங்கு. மீதியைச் சட்டம் நிரப்பாது. வாழ்வூதியம் நம் நாட்டில் எந்த முதலாளியையும் கட்டாயப்படுத்தும் சட்டமாக இல்லை. அதைப் பேசித்தான் வாங்க வேண்டும், கணவரின் கிடங்கில் தொழிற்சங்கம் இருந்தால் அதன் வழியாக. அங்கே போகும்போது 6,500 என்று சொல்லாதீர்கள், எதிரே இருப்பவர் சிரித்துவிட்டுக் கடந்துபோவார். ஆளுக்கு 2,600, வரி வரியாக இதோ கணக்கு என்று உங்கள் பகுதி விலையோடு வைத்தால் பேச்சு வேறு மாதிரி போகும். உங்கள் குடும்பத்துக்கு வேண்டியதைப் புள்ளிவிவரத் துறையின் `MyPAKW` கணிப்பானிலும் போட்டுப் பாருங்கள். அரசுத் துறை கொடுக்கும் எண்ணை முதலாளி எளிதில் தள்ள முடியாது. அரசின் எஸ்டிஆர் உதவித்தொகைப் பதிவில் இரண்டு பிள்ளைகளின் பெயரும் இருக்கிறதா என்றும் ஒரு தடவை சரிபாருங்கள்.

உங்கள் கடை விஷயத்தில் இப்படிச் செய்யுங்கள். 2025 பிப்ரவரியிலிருந்து வந்த சம்பளச் சீட்டு எல்லாவற்றையும் கைப்பேசியில் படம் பிடித்து வையுங்கள். சீட்டு கொடுக்காத மாதத்துக்கு வங்கிக் கணக்கில் பணம் வந்த பக்கத்தை எடுத்து வையுங்கள். கடையில் மொத்தம் எத்தனை பேர் வேலை செய்கிறார்கள் என்று எண்ணி எழுதுங்கள். ஐந்து என்ற எல்லைதான் உங்கள் பாக்கி பிப்ரவரியிலிருந்தா ஆகஸ்ட்டிலிருந்தா என்று தீர்மானிக்கும். பிறகு முதலாளியிடம் ஒரு தடவை வாட்சாப்பில் எழுத்தில் கேளுங்கள், சண்டைக்குப் போகும் தொனி வேண்டாம்: 'குறைந்தபட்ச சம்பளம் அடிப்படையாக 1,700 இருக்க வேண்டும் என்கிறார்கள், என் சீட்டில் 1,500 உள்ளது, சரிசெய்து தர முடியுமா.' தெரியாமல் செய்தவர்கள் இந்த ஒரு வரியிலேயே திருத்திக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன். குறைத்துக் கொடுத்தால் ஒவ்வொரு தொழிலாளிக்கும் 10,000 வெள்ளி வரை அபராதம் என்று சட்டம் சொல்கிறது, அது அவருக்கும் தெரிந்திருக்கும். இரண்டு வாரத்தில் பதில் இல்லாவிட்டால் தொழிலாளர் அலுவலகத்துக்குப் போங்கள், அல்லது மனிதவள அமைச்சின் `Working For Workers` செயலியில் புகாரைப் பதியுங்கள். வழக்கறிஞர் தேவையில்லை. போகும்போது அடையாள அட்டை, ஒப்பந்தக் கடிதம், அந்தப் படங்கள், அவருக்கு அனுப்பிய வாட்சாப் செய்தி நான்கையும் எடுத்துக்கொள்ளுங்கள்.